12 ஸ்லைடுக்குள்ள கூந்தன்குளம்: எது முன்ன, எது பின்ன

தம்பி, கூந்தன்குளம் பறவைக் கூடு தீசிஸ் வைவாக்குன்னு நேத்து ராத்திரி நீ அனுப்புன பிபிடிய இப்பத்தான் ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது பாத்து முடிச்சேன். 31 ஸ்லைடு வச்சிருக்கியேல, டிபார்ட்மெண்ட்ல சொன்னது டைட்டிலோட சேத்து 12, நேரம் 15 நிமிஷம். அதுல 9 ஸ்லைடு வெறும் இன்ட்ரோ, கூழைக்கடா எப்படி மீன் புடிக்கும்னு ஒண்ணு, ராம்சார்னா என்னன்னு ரெண்டு. கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? எக்ஸ்டர்னலா வாறவரு பறவை ஆளு, அவருக்கே கூழைக்கடா பாடம் எடுக்கப் போறியா.

நீ தீசிஸ் சாப்டர் வரிசைய அப்படியே தூக்கி வச்சிருக்க, அதான் தப்பு. தீசிஸ வீட்ல உக்காந்து பைய படிப்பாவ, ஸ்லைட அப்படிப் பாக்க மாட்டாவ. மொத மூணு நாலு ஸ்லைடுக்குள்ள "இந்தப் பய என்னத்த கண்டுபிடிக்கப் போனான்"னு தெரியலைன்னா செல்ல எடுத்துருவாவ, என் வைவால அதான் நடந்துச்சு, நான் இன்ட்ரோலயே ஆறு நிமிஷம் ஓட்டிட்டேன், ரிசல்ட் வரும்போது "டைம் ஆச்சும்மா"ன்னுட்டாவ.

இப்ப நான் சொல்லுத வரிசைய கேளு. 1 டைட்டில், பத்து செகண்ட்ல தாண்டிரு. 2ல கேள்விய போடு, ஊருக்குள்ள ஓட்டு வீட்டு மேல சாஞ்ச புளியமரத்துல மஞ்சள்மூக்கு நாரை கூடு இருக்கே அந்த போட்டோ ஒண்ணு, அதுக்கு கீழ "எந்த மரத்துல, ஏன்?"னு ஒரே வரி, அப்புறம் ஒன்னோட ரெண்டு அப்ஜெக்டிவ். 3 எடம்: நாங்குநேரி தாலுகா, மணிமுத்தாறு கால்வாய் தண்ணி வாற குளம், 1994ல சரணாலயம், 2022ல ராம்சார்னு அறிவிச்சது, எல்லாம் மேப்போட ஓரத்துல சின்னதா போதும். 4 லிட்ரேச்சர், ஆனா பதினஞ்சு பேப்பர் பேரு வேண்டாம், இதுவரைக்கும் என்ன எண்ணிருக்காவ, நீ எண்ணுனது எதுல வேற, அவ்வளவுதான். 5 மெத்தட், 64 மரம், காலைல 6 டூ 9, ஒரே கூட்ட ரெண்டு தடவ எண்ணாம இருக்க என்ன பண்ணுனன்னு கண்டிப்பா எழுது, அத கேக்காம விடமாட்டாவ.

6ல இருந்துதான் ஒன் சொந்தச் சரக்கு. நீ மொதல்ல பறவை லிஸ்ட், பொறவு மாசாமாச எண்ணிக்க, கடைசிலதான் மரம்னு வச்சிருக்க. அத தலைகீழா மாத்து. லிஸ்ட் யாரும் எடுக்கலாம், மரத்துக்கு மரம் ஏணி போட்டு அளந்தது நீதான. 6 எந்த மரத்துல எத்தன கூடு, கருவேலம் புளி வேம்பு மூணுக்கும் பார் சார்ட்.

7 தான் முக்கியம், இங்க ரெண்டு நிமிஷம் நில்லு. வீட்டுக்குப் பக்கத்து மரத்துல கூடு அதிகம்னு நீ சொல்லுத, உடனே கேப்பாவ பாரு, வீடு பக்கத்துல இருக்கதாலயா, இல்ல வீட்டுப் பக்கத்து மரம் பூராம் பழைய பெரிய மரமா இருக்கதாலயான்னு. இப்ப ஒன் ஸ்லைடுல தூரம் 19லயும் உயரம் 24லயும் கெடக்கு, நடுவுல நாலு ஸ்லைடு. ரெண்டையும் ஒரே ஸ்லைடுல பக்கம் பக்கமா வை, உயரம் ஒரே அளவா இருக்க மரங்கள மட்டும் தனியா எடுத்து தூரத்த பாத்தல்லா, அந்த சின்ன டேபிள அதுக்கு கீழ போடு. அவரு வாயத் தொறக்கதுக்கு முன்ன நீயே சொன்ன மாதிரி ஆயிரும்.

8ல மாச எண்ணிக்கையும் கொளத்து தண்ணி மட்டமும் ஒரே கிராஃப்ல, தனித்தனியா வேண்டாம். 9 எந்தப் பறவைக்கு எந்த மரம். 10 டிஸ்கஷன். எச்சம் கலந்த தண்ணி வயலுக்குப் போவுது, அதான் ஊர்க்காரவ பறவைய வெரட்டுததில்லன்னு எழுதிருக்க பாத்தியா, அது நல்லாருக்கு, ஆனா நீ அத அளக்கல, பேசிக் கேட்டது, அதனால "ஊர்க்காரவ சொல்லுதாவ"ன்னே போடு. 11 குறைபாடு, ஒரே சீசன் டேட்டாதான்னு நேரா ஒத்துக்கோ. இத முடிவுக்கு பொறவு வைக்காத, கடைசியா காதுல விழுதது குறையா இருக்கக் கூடாது. 12 முடிவு, நன்றியும் அதுலயே கீழ ஒரு வரி, நன்றிக்குன்னு பூப்போட்ட ஸ்லைடு ஒண்ணு வீணாக்காத.

பறவை லிஸ்ட், கை-ஸ்கொயர் டேபிள், மாசக் கணக்கு இதெல்லாம் 12க்குப் பொறவு பேக்கப்பா வை, கேட்டா மட்டும் தொற. ஆனா பேக்கப் கணக்குல சேருமா சேராதான்னு ஒங்க கைடு மேடம்கிட்ட இன்னைக்கே கேட்டுரு, சேரும்னா பிரிண்ட் எடுத்து கைல வச்சுக்கோ.

மாத்திட்டு ராத்திரி 9 மணிக்குள்ள அனுப்பு, பொறவு போன்ல நீ பேசு, நான் டைம் பாக்கேன், 7ஆவது ஸ்லைடுக்கு ஆறாவது நிமிஷத்துல வந்து சேருதியான்னு.