பை பினாங்கு போய்ச் சேர்ந்தது, நான் இன்னும் தாப்பாவில்

முதல் படத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பது என் பை. அந்த சீட்டுக்குப் பணம் கட்டியது நான்.

கே.எல். சென்ட்ரலில் காலை ஒன்பது மணி இடிஎஸ். எட்டே காலுக்கே அத்தை, மாமா, ஐந்து பைகள், ஒரு முறுக்கு டின் எல்லாம் வரிசையில் தயார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "பக்கத்துல பிரிக்பீல்ட்ஸ்தானே அத்தை, அஞ்சு நிமிஷத்துல வடை வாங்கிட்டு வந்துடறேன்." துன் சம்பந்தன் சாலையில் அன்றைக்கென்று பார்த்து எல்லோருக்கும் வடை ஆசை. எனக்கு முன்னால் நின்ற அண்ணன் நாற்பது வடை கேட்டார். கல்யாண வீடாம். வாழ்க மணமக்கள்.

ஓடி வந்து நின்றேன். கேட்டில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த எண்ணெய்ப் பொட்டலத்தைத்தான் பார்த்தார். "சுடா துத்துப், டிக்." கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வடை மட்டும் சூடாக இருந்தது.

இரண்டாவது படம் ஈப்போவில் அத்தை அனுப்பியது. கூடவே ஒரு வரி: "உன் பை ரொம்ப நல்ல பிள்ளை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசல."

அதற்குள் நான் தாசேக் செலாத்தான் போய், பஸ்ஸுக்கு நாற்பது வெள்ளி அழுது, கடைசி வரிசையில் நடு சீட்டில் இருந்தேன். போனில் 11 சதவீதம். சார்ஜர் எங்கே? அதுவும் ரயிலில் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தது. மாற்றுத் துணி, பல் துலக்கும் பிரஷ், மூக்குக் கண்ணாடி எல்லாமே ஊர் சுற்றுகின்றன. எடுத்து வைத்த ஆள் மட்டும் தாப்பா ஓய்விடத்தில் கழிப்பறை வரிசையில்.

மூன்றாவது படம்தான் என்னை உடைத்துவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி. கம்பி ஓரமாக என் பை, பின்னால் கொம்தார் கட்டடம், மேலே மாமாவின் கூலிங் கிளாஸ் வேறு. என் வாழ்க்கையில் எனக்கே இவ்வளவு நல்ல படம் யாரும் எடுத்ததில்லை. நாலாவது படத்தில் அது நாசி கண்டார் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள் லா! (மாமா சாப்பிட்டுவிட்டாராம், பைக்குப் பசி இல்லையாம்.)

பத்து வடை வாங்கினேன். தஞ்சோங் மாலிமில் இரண்டு, தாப்பாவில் மூன்று, ஜூரு டோல் நெரிசலில் கோபத்தில் மூன்று.

மாலை ஆறரைக்கு ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் இறங்கினேன். குளித்துத் தலைசீவிய அத்தை, பக்கத்தில் என் பை. இரண்டு வடையையும் நீட்டினேன். பிரித்துப் பார்த்தார்.

"சட்னி எங்கடா?"

#வடைக்காகப்_போன_வண்டி #பையின்_பினாங்குப்_பயணம்