நான்கு செயலிகள் போதும்: வில்லிவாக்கம் குடியிருப்போர் வகுப்பில் ஆற்றிய தொடக்க உரை

மதிப்பிற்குரிய பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓய்வை விட்டுவிட்டு இந்தச் சங்க அறைக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. நாம் இங்கே நான்கு செயலிகளை மட்டுமே கற்கவிருக்கிறோம்: பணத்திற்கு பீம், ஆவணங்களுக்கு டிஜிலாக்கர், பயணத்திற்குச் சென்னை ஒன், கைபேசியின் பாதுகாப்பிற்குச் சஞ்சார் சாத்தி. எல்லாவற்றையும் உங்கள் விரலாலேயே அழுத்திப் பழக வேண்டும் என்பது என் வேண்டுகோள். பேரப்பிள்ளைகள் அருகில் அமர்ந்து சொல்லித்தரட்டும். ஆனால் கைபேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஏனெனில், பெரும்பாலான மோசடிகளில் செயலியை யாரும் உடைப்பதில்லை. பதறவைத்து, நம் விரலைக் கொண்டே நம் பணத்தை அனுப்பவைக்கிறார்கள்.

தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் வெளியிட்ட பீம் செயலி யூபிஐ முறையில் இயங்குகிறது. இதில் உறுதியாக மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி, யூபிஐ பின் எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும் மட்டுமே தேவைப்படும், பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவைப்படாது என்பதாகும். ‘உங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் வந்திருக்கிறது, பின் எண்ணைப் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும், அந்த நபர் உங்கள் பணத்தை எடுக்கவே முயல்கிறார். காய்கறிக் கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தவுடன் திரையில் ஒரு பெயர் தோன்றும். அதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்த பிறகே பின் எண்ணைப் போடுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். ஓய்வூதியம் வரும் கணக்கை யூபிஐயுடன் இணைக்காமல், மாதச் செலவுக்குரிய சிறு தொகையை மட்டும் வேறொரு கணக்கில் வைத்து அதை இணைப்பது நல்லது என்பது என் கருத்து. தவறு நேர்ந்தாலும் இழப்பு அந்தத் தொகையோடு நின்றுவிடும்.

டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றைப் பெறலாம். உரிய துறையிலிருந்து நேரடியாக அதில் வந்துசேரும் ஆவணம் சட்டப்படி மூல ஆவணத்திற்கு நிகரானது. நாமே படமெடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் சாலையில் வாகனச் சோதனையின்போது சங்கடப்பட வேண்டியிருக்காது.

சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் அறிமுகமானது. இங்கிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் வரை சென்று, அங்கே மெட்ரோ ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்குபவர், வழியையும் பயணச்சீட்டையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாநகரப் பேருந்துகளும் அதில் உண்டு.

கைபேசி தொலைந்தால் அதை யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கக் கோரவும், நம் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கவும் சஞ்சார் சாத்தி உதவும். *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும், ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை இன்றே வீட்டு நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தபின் அதைத் தேடுவது கடினம்.

எந்தச் செயலியையும் பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டுமே நிறுவ வேண்டும். ‘மின் கட்டணம் நிலுவையில் உள்ளது, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று வாட்ஸ்அப்பில் மிரட்டி, கூடவே செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்றையும் அனுப்புகிறார்கள். அதைத் திறந்துவிட்டால், நமக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகளை எங்கோ இருக்கும் ஒருவர் படிக்கக்கூடும். திரையைப் பகிரச் சொல்லும் அழைப்புகளையும் உடனே துண்டித்துவிடுங்கள். காவல் சீருடையில் காணொலியில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவோரும் மோசடிக்காரர்களே. அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை.

இவ்வளவு கவனத்தையும் மீறிப் பணம் போய்விட்டால், வீட்டில் திட்டுவார்களோ என்று மறைக்காமல், அந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாகத் தாவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அதை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு உண்டு. cybercrime.gov.in என்ற தளத்திலும் புகாரைப் பதியலாம். ஏமாற்றப்படுவதில் அவமானம் எதுவும் இல்லை, ஏமாற்றியவரே குற்றவாளி.

இப்போது பயிற்சியைத் தொடங்குவோம். பீம் செயலி உள்ளவர்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் க்யூஆரை ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் பெயரை உரக்கப் படித்து, அவர் ஆம் என்று சொன்னபின் ஒரே ஒரு ரூபாய் அனுப்புங்கள்; பின் எண்ணைப் போடும்போது மட்டும் திரையை மறைத்துக்கொள்ளுங்கள். செயலி இன்னும் இல்லாதவர்கள் என் மேசைக்கு அருகில் வாருங்கள், சேர்ந்தே நிறுவலாம்.