விற்பனைக்கு: டியோர் சோவாஜ் ஓ டி பர்ஃபம் 100 மி.லி., சீல் பிரிக்காதது, ஒரிஜினல் பில்லுடன் (அல்சூர், பெங்களூரு)

விலை: ₹10,500. பில்லில் உள்ள விலை ₹13,500.
நிலை: புதியது, பெட்டியின் கண்ணாடித்தாள் பிரிக்கப்படவில்லை.
பில் தேதி: 19-10-2024. பெட்டியில் உள்ள பேட்ச் கோட், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்: 4P01.
நேரில் மட்டும். கூரியர் இல்லை.

தம்பியின் கல்யாண ரிசப்ஷனுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கினேன். அவனுக்கு மாமியார் வீட்டிலிருந்து இதே சென்ட், இதே அளவில் வந்துவிட்டது. கடையில் திருப்பிக் கொடுக்கும் காலமும் முடிந்துவிட்டது. பீரோவில் சும்மா கிடப்பதற்கு யாராவது பயன்படுத்தட்டும் என்றுதான் இந்த விளம்பரம்.

டெஸ்டர் இல்லை, ரீஃபில் இல்லை, ஃபர்ஸ்ட் காப்பியும் இல்லை. இப்படிச் சொல்வதற்குக் காசா பணமா, எல்லா விளம்பரத்திலும் இதே வரிதான் இருக்கிறது. மெஜஸ்டிக் பக்கம் 800 ரூபாய்க்கு இதே பெயர், இதே நீல நிறப் புட்டி கிடைக்கும்போது என் வாய்வார்த்தையை யார் நம்புவார்கள்? அதனால் கையில் இருப்பதையெல்லாம் படம் பிடித்துப் போட்டிருக்கிறேன். எது எதை நிரூபிக்கும், எது நிரூபிக்காது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பில் (படம் 1, 2)

எம்.ஜி. சாலைப் பக்கம் உள்ள பெரிய கடையில் கார்டில் வாங்கியது. கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் படத்தில் தெளிவாகத் தெரியும். எண் 29-ல் தொடங்குகிறது, அது கர்நாடகத்தின் எண். gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் 15 எழுத்தையும் போட்டுப் பாருங்கள். பில்லில் அச்சாகியிருக்கும் நிறுவனத்தின் பெயரே திரையிலும் வரவேண்டும். லாகின் எதுவும் தேவையில்லை.

அடுத்து வரிக் கணக்கைப் பாருங்கள். போலி பில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரியும் உள்ளடங்கிய விலை. அதனால் சரியான பில்லில் 13,500-க்கு மேல் வரி ஏறாது, 13,500-க்குள்ளிருந்து வரி பிரியும். இந்தப் பில்லில் அடிப்படை விலை 11,440.68, சிஜிஎஸ்டி 9% 1,029.66, எஸ்ஜிஎஸ்டி 9% 1,029.66. மூன்றையும் கூட்டினால் சரியாக 13,500 வரும். எச்எஸ்என் எண் 3303, அது வாசனைத் திரவியத்துக்கானது. எம்.ஆர்.பி.யைப் போட்டு அதன் மேல் 18% ஏற்றிய 'பில்' யாராவது காட்டினால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

என் மொபைல் எண்ணையும் பில் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தையும் மறைத்திருக்கிறேன். என் பில்லை எடுத்து வேறு யாரோ தன் போலிச் சரக்குக்கு ஒட்டிவிடக்கூடாதே! நேரில் வரும்போது மறைக்காத அசலைப் பார்க்கலாம். விற்றால் அசல் பில் உங்களுக்கே. அது தெர்மல் தாள், மடிப்பில் எழுத்து லேசாக மங்கியிருக்கிறது. அதனால் வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன், அதையும் தருவேன். கடையிலிருந்து எஸ்எம்எஸ்ஸில் வந்த இ-பில் இணைப்பையும் என் போனில் திறந்து காட்டுகிறேன்.

ஆனால் ஒன்று. இந்தப் பில் 'நான் இப்படி ஒரு சரக்கு வாங்கினேன்' என்பதற்குத்தான் சாட்சி. இதே புட்டியைத்தான் வாங்கினேன் என்பதற்கு அது மட்டும் போதாது. பில்லில் பேட்ச் கோட் வரவில்லை. பார்கோடின் 13 இலக்க எண் வந்திருக்கிறது, பெட்டியில் உள்ள எண்ணும் அதுவே. ஆனால் இந்த வகை 100 மி.லி. புட்டி எல்லாவற்றுக்கும் அந்த எண் பொது. வகை சரி என்பதோடு அதன் வேலை முடிந்தது.

பேட்ச் கோடும் ஸ்டிக்கரும் (படம் 3, 4, 5)

பெட்டியின் அடிப்பக்கத்தில் 4P01 என்று இருக்கிறது. மையில் அச்சிட்டதல்ல, அட்டையில் அழுத்திப் பதித்தது. நேராகப் பார்த்தால் கண்ணில் படாது, விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். படம் 3 அப்படி எடுத்ததுதான், அதனால்தான் பாதி இருட்டாக இருக்கிறது.

இந்தக் கோட் எண்ணைப் பேட்ச் பார்க்கும் தளங்களில் போட்டால் 2024 என்று காட்டுகிறது. அதை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள். முதலாவது, அந்தத் தளங்கள் கம்பெனியுடையவை அல்ல. இரண்டாவது, கோடின் முதல் இலக்கம்தான் ஆண்டு, ஆண்டுக்கு அந்த ஒரே ஒரு இலக்கம் என்பதால் 2014-க்கும் 4 தான். மூன்றாவதுதான் முக்கியம்: போலி செய்கிறவன் கடையில் ஓர் அசல் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, அதே கோட் எண்ணை ஆயிரம் பெட்டியில் அடித்துவிடலாம். தளமும் 'சரி' என்றுதான் சொல்லும்.

அதனால் கோட் எண்ணை இறக்குமதி ஸ்டிக்கரோடு வைத்துப் பாருங்கள். நம் நாட்டில் முறையாக இறங்கிய சரக்கில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., அளவு, எந்த நாட்டில் தயாரானது, வாடிக்கையாளர் குறை சொல்ல வேண்டிய எண் எல்லாம் இருந்தாக வேண்டும். அழகுசாதனப் பொருள் என்பதால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழின் எண்ணும் சேரும். இதில் எல்லாம் இருக்கிறது (படம் 4). தயாரான நாடு பிரான்ஸ். தயாரிப்பு 02/2024, இறக்குமதி 06/2024, பயன்படுத்தக் கடைசி மாதம் 01/2027. எம்.ஆர்.பி. 13,500, பில்லில் உள்ள அதே தொகை. ஸ்டிக்கரிலும் பேட்ச் எண் 4P01 தான், மேலே சொன்ன 2014 சந்தேகம் இதோடு தீர்ந்தது.

இப்போது தேதிகளை வரிசையாக வையுங்கள்: பிப்ரவரியில் தயாரிப்பு, ஜூனில் இறக்குமதி, அக்டோபரில் பில். முன்பின் மாறவில்லை, இடைவெளியும் நியாயமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் முழு விளம்பரத்திலும் வலுவான இடம் இதுதான். பில்லைப் போலியாக அடிக்கலாம், கோட் எண்ணைக் காப்பியடிக்கலாம், ஸ்டிக்கரும் அச்சடிக்கலாம். தனித்தனியாகச் செய்பவன் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்துவதற்கு மெனக்கெடுவதில்லை. சந்தையில் பார்த்தால் தெரியும்: பில் 2022, ஸ்டிக்கர் 2023 என்று இருக்கும்.

சீல் (படம் 6, 7, 8)

பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாள் கடையில் கொடுத்தபடியே இருக்கிறது. மேலும் கீழும் மடிப்பு உறை மடித்ததுபோல் நேராக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும். ஓரத்தில் பசை திட்டுத்திட்டாக இல்லை, உருகிய தடமும் இல்லை. தாள் பெட்டியோடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. மறுபடி சுற்றிய பெட்டியில் தாள் தொளதொளவென்று நகரும், அல்லது சூடு காட்டியதில் மூலை சுருங்கியிருக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் இடது கீழ்மூலையில் அட்டை லேசாக நசுங்கியிருக்கிறது, தாள் கிழியவில்லை. படம் 8-இல் நெருக்கமாக எடுத்திருக்கிறேன். பரிசு கொடுக்க நினைப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாப் படத்திலும் என் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு பக்கத்திலேயே இருக்கிறது. இணையத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

பிரித்துப் பார்த்து வாங்கலாம்

சீல் பிரிக்காத பொருளில் ஒரு சங்கடம் உண்டு. புட்டியின் அடியில் உள்ள கோட் எண்ணும் பெட்டியின் கோட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் பிரிக்காமல் அதைப் பார்க்க வழியில்லை. அதனால் இரண்டு விதமாக விற்கத் தயார்.

உங்களுக்கே வாங்குகிறீர்கள் என்றால் நேரில் வந்து முதலில் பில், ஸ்டிக்கர், சீல் மூன்றையும் ஆற அமரப் பாருங்கள். திருப்தி என்றால் 1,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள், உங்கள் முன்னாலேயே பிரிக்கிறேன். ஸ்டிக்கர் தாளின் மேல்தான் ஒட்டியிருக்கிறது, அது கிழியாதபடி எதிர்ப்பக்கம் வெட்டலாம். புட்டியின் அடியில் 4P01 இல்லையென்றால் முன்பணம் அங்கேயே திரும்பி வரும். இருந்தால் மீதி 9,500 கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். கோட் சரியாக இருந்தும் 'வேண்டாம், மனசு மாறிடுச்சு' என்றால் முன்பணம் திரும்பாது. பிரித்த பெட்டியை அப்புறம் இந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பரிசுக்காகச் சீலோடு வேண்டும் என்பவர்கள் முழுப் பணம் கொடுத்து அப்படியே எடுத்துப் போகலாம். 15 நாளுக்குள் பிரிக்கும்போது பெட்டியின் ஆறு பக்கமும் தெரியும்படி, நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். புட்டியின் கோட் ஒத்துப்போகாவிட்டால் 10,500-ஐயும் திருப்பித் தருகிறேன். இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவேன், என் அடையாள அட்டையையும் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அது உங்கள் உரிமை. எம்.ஜி. சாலையில் எந்தக் கவுண்டரில் டெஸ்டர் இருக்கிறதோ அங்கே சந்தித்து, பிரித்தபின் இரண்டையும் அட்டையில் அடித்து முகர்ந்து பார்க்கலாம். உடனே பார்க்காமல் ஒரு காபி குடித்துவிட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிட எலுமிச்சை வாடையைப் போலியும் நன்றாகவே கொடுத்துவிடும், அரைமணிக்குப் பிறகு நிற்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

சந்திக்க

அல்சூர் ஏரிக்கரை, தமிழ்ச் சங்கம் வாசல். ஹலசூரு மெட்ரோவில் இறங்கி வரலாம். சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, மற்ற நாட்களில் மாலை 7-க்கு மேல். பணம் யுபிஐ அல்லது ரொக்கம்.

கூரியர் கேட்காதீர்கள். சென்ட் ஸ்பிரிட் கலந்தது, எளிதில் தீப்பற்றும் பொருள். விமானத்தில் போகும் பார்சலில் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே என்ன என்பதை மறைத்து அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. ஓசூர், சென்னைக்காரர்கள் பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்களை அனுப்பினால் போதும்.

விலையில் ஐந்நூறு வரை நேரில் பேசலாம். 'கடைசி விலை எவ்வளவு' என்று மட்டும் மெசேஜ் வந்தால் பதில் தாமதமாகும். எந்த நாள் வரமுடியும் என்பதையும் சேர்த்து எழுதினால் அன்றே பதில் போடுகிறேன். முன்பணம் அனுப்பி 'பிடித்து வையுங்கள்' என்பது வேண்டாம், முதலில் வருபவருக்கே. விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுவேன்.