2026 விடுமுறைப் பட்டியல்: பிறை பார்த்து மாறக்கூடிய நாட்களைக் கவனிக்கவும்

பெறுநர்: சென்னை அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்

வணக்கம்.

2026ஆம் ஆண்டு விடுமுறை நாட்கள்:

ஜனவரி 1, 15, 16 (பொங்கல்), 26
ஏப்ரல் 3, 14
மே 1, 28 (பக்ரீத்*)
செப்டம்பர் 14
அக்டோபர் 2, 19
நவம்பர் 9
டிசம்பர் 25

தீபாவளி ஞாயிறன்று (நவம்பர் 8) வருவதால் மறுநாள் விடுமுறை. சுதந்திர தினம் சனிக்கிழமை. அதற்கு மாற்று நாள் கிடையாது.

*பிறை சார்ந்தவை: அரசுப் பட்டியலில் ரம்ஜான் மார்ச் 21, சனி. மார்ச் 19 மாலை பிறை தெரிந்து, தலைமை காஜி அறிவித்தால் 20, வெள்ளியே பெருநாள். அன்று அலுவலகம் விடுமுறை. இது முந்தைய இரவுதான் உறுதியாகும். எனவே 20ஆம் தேதிக்கு ரிலீஸ், வாடிக்கையாளர் கூட்டம் எதையும் வைக்க வேண்டாம். அன்றைக்கு ஏற்கெனவே விடுப்பு போட்டவர்களுக்கு அது திரும்ப வரவு வைக்கப்படும். ஆன்கால் பணியில் இருப்பவர்களுக்கு ஈட்டு விடுப்பு உண்டு. 30 நாட்களுக்குள் எடுக்கவும்.

பக்ரீத்தில் இந்தக் கடைசிநேரப் பரபரப்பு இல்லை. மாதத்தின் 10ஆம் நாள் என்பதால், சுமார் பத்து நாள் முன்பே தேதி தெரிந்துவிடும். மாறினால் 28 வேலைநாளாகும், இரண்டு நாளும் கிடைக்காது. ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறப்பதால், ஊருக்குச் செல்வோர் முன்னும் பின்னும் ஒருநாள் விட்டுப் பதிவு செய்வது நல்லது.

தீபாவளியும் அமாவாசையை ஒட்டியதே. ஆனால் பஞ்சாங்கக் கணக்கு என்பதால் தேதி மாறாது.

மனிதவளப் பிரிவு