வாடிக்கையாளர் சேவைத் துறை ஆட்குறைப்பு: பணியிடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோல் பதிவு

அனுப்புநர்: மனிதவளத் துறைத் தலைவர்
பெறுநர்: தேர்வுக் குழு உறுப்பினர்கள், சட்ட ஆலோசகர், நிதி இயக்குநர்
தன்மை: மந்தணம். மதிப்பெண் வழங்கத் தொடங்கும் முன் கையொப்பமிடப்பட வேண்டிய ஆவணம்.

காரணமும் எல்லையும்

நமது இரண்டு மென்பொருள் தயாரிப்புகளும் ஒரே தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால், அவற்றுக்குத் தனித்தனியே இயங்கிவந்த உதவிப் பணிகள் ஒன்றிணைக்கப்படுகின்றன. இதன் விளைவாக வாடிக்கையாளர் சேவைத் துறையின் 47 பணியிடங்கள் 35 ஆகக் குறையும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. எத்தனை இடங்கள், எந்தக் காரணத்துக்காக என்பது அந்த முடிவில் அடங்கிவிட்டது. எந்தெந்த இடங்கள் என்பதை எவ்வாறு தீர்மானிப்பது என்பதை மட்டுமே இந்த ஆவணம் வகுக்கிறது. இது கையொப்பமாகும் வரை எவருடைய பெயரும் குழுவின் முன் வைக்கப்படாது.

துறை மேலாளர்களுள் ஒருவர் ஏற்கெனவே தாமாகவே ஒரு பெயர்ப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பியுள்ளார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நல்லெண்ணத்தில் அனுப்பப்பட்டதாகவே இருக்கலாம். ஆயினும் பெயர்களை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அளவுகோலைத் தேடினால், அந்த அளவுகோல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நம்பத்தக்கதாக இராது. அந்தப் பட்டியல் அழிக்கப்படாமல் சட்ட ஆலோசகரின் கோப்பில் பாதுகாக்கப்படும், குழுவுக்குக் காட்டப்படாது, அதை அனுப்பியவர் மதிப்பீட்டாளராகவும் இருக்க மாட்டார்.

ஒப்பீட்டுத் தொகுதிகள்

தொலைபேசி உதவியாளர்கள் 22 பேரும் மின்னஞ்சல், அரட்டை வழி உதவியாளர்கள் 14 பேரும் நிறுவன அமைப்பில் இரு பிரிவுகளாகக் காட்டப்பட்டாலும், கடந்த ஓராண்டின் பணிச்சுழற்சி அட்டவணைகளைப் பார்க்கும்போது இவர்கள் ஒருவர் வேலையை மற்றவர் வழக்கமாகவே செய்துவந்துள்ளனர். எனவே 36 பேரும் ஒரே தொகுதியாக ஒப்பிடப்படுவார்கள். அதில் 27 இடங்கள் நீடிக்கும். பயிற்றுநர்கள் 10 பேர் தனித் தொகுதி. அதில் 8 இடங்கள் நீடிக்கும். பழைய தளத்தின் இரவு அறிக்கைகளைத் தயாரிக்கும் ஒற்றைப் பணியிடத்துக்கு இணையான வேறு இடம் இல்லை; அந்த வேலையே நின்றுவிடுவதால் அங்கு மதிப்பெண் தேவையில்லை, ஆனால் வேலை நின்றுவிடுகிறது என்பதற்கான சான்று கோப்பில் இருக்க வேண்டும்.

அளவுகோல்களும் மதிப்பெண்களும்

மொத்தம் 100 மதிப்பெண்கள். இணைந்த தளத்தில் இனித் தேவைப்படும் திறன்களுக்கு 40, கடந்த இரண்டு ஆண்டுகளின் பணி மதிப்பீட்டுக்கு 30, பணிமூப்புக்கு 20, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுக்கு 10.

திறன் பகுதியில், இரு தயாரிப்புகளையும் கையாளுதல், சிக்கலான புகார்களை முடித்துவைத்தல், உதவிக் கட்டுரைகள் எழுதுதல், புதியவர்களுக்குக் கற்பித்தல் ஆகிய நான்குக்கும் தலா 10 மதிப்பெண்கள். சான்று இல்லையெனில் 0, அவ்வப்போது செய்திருந்தால் 5, தொடர்ந்து பொறுப்பேற்றுச் செய்திருந்தால் 10. இடைப்பட்ட எண்கள் கிடையாது. ஒவ்வொரு மதிப்பெண்ணும் இந்த ஆவணத்துக்கு முன்பே இருந்த ஒரு பதிவைச் சுட்டிக்காட்ட வேண்டும்: புகார்ச் சீட்டுகள், வெளியான கட்டுரைகள், பயிற்சி அட்டவணைகள். “அனைவருக்கும் தெரியும்” என்பது சான்றாகாது. ஒருவருக்கு அந்த வேலையைச் செய்யும் வாய்ப்பே வழங்கப்படவில்லை என்றால், அதைக் குறிப்பில் எழுதி, தேர்ச்சியை நேரடியாகக் காட்ட அவருக்கு ஒரு செய்முறைத் தேர்வு அளிக்கப்படும்.

பணி மதிப்பீடுதான் இவற்றுள் சிக்கலானது. கடந்த ஆண்டு உதவியாளர்களை மதிப்பிட்ட இரு அணித் தலைவர்களுள் ஒருவர் வழங்கிய சராசரி 5-க்கு 4.2, மற்றவருடையது 3.4. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால், தாராளமான தலைவரிடம் இருந்தவர் தப்புவார், கண்டிப்பானவரிடம் இருந்தவர் போவார். ஆகவே ஒவ்வொரு தலைவரின் பட்டியலையும் தனித்தனியே மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்து, ஓராண்டுக்கு முறையே 15, 10, 5 மதிப்பெண்கள் வழங்கப்படும். இரு அணிகளும் ஏறத்தாழச் சம திறன் கொண்டவை என்ற அனுமானம் இதில் உள்ளது. அது முழுமையாகச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதாலேயே இந்த அளவுகோலுக்கு 30-க்கு மேல் எடை தரப்படவில்லை. மகப்பேறு, நோய் போன்ற காரணங்களால் ஆண்டின் பாதிக்கு மேல் விடுப்பில் இருந்தவருக்கு அந்த ஆண்டை விட்டு, அதற்கு முந்தைய முழு ஆண்டின் மதிப்பீடு கொள்ளப்படும்.

பணிமூப்பில் நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 மதிப்பெண்கள், உச்சம் 20. விடுப்புக் காலமும் இதில் சேரும். நடைமுறையில் உள்ள எழுத்துபூர்வ எச்சரிக்கை ஏதும் இல்லாதவருக்கு 10, ஒன்று இருந்தால் 5, அதற்கு மேல் இருந்தால் 0. காலாவதியான எச்சரிக்கைகளும் வாய்மொழிக் கண்டிப்புகளும் கணக்கில் வாரா. மொத்த மதிப்பெண் சமமானால் பணியில் சேர்ந்த தேதி முடிவு செய்யும்.

வேண்டுமென்றே விடப்பட்டவை

வருகைப் பதிவு, சம்பளம், “மனப்பான்மை” ஆகிய மூன்றும் விவாதிக்கப்பட்டு நீக்கப்பட்டன. வருகைப் பதிவு நோயாளியையும் குழந்தை பெற்றவரையும் தண்டிக்கும். சம்பளத்தைப் பார்த்தால் வயதையும் பணிமூப்பையும் வேறு பெயரில் பார்த்ததாகவே முடியும். மனப்பான்மை என்பதற்கு இரு மேலாளர்கள் ஒரே பொருளைச் சொல்ல இயலவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆவது உடன்படிக்கை, சங்க உறுப்பினராக இருத்தல், முதலாளிக்கு எதிராகப் புகார் அளித்தல், இனம், பாலினம், மதம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு, கருவுற்றிருத்தல், மகப்பேறு விடுப்பு முதலியவை பணிநீக்கத்துக்கு ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல என்கிறது. அதே ஆண்டின் 166-ஆவது பரிந்துரை, ஆட்குறைப்புக்கான அளவுகோல்கள் இயன்றவரை முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும் என்றும், நிறுவனம், தொழிலாளர் ஆகிய இரு தரப்பின் நலனுக்கும் உரிய இடம் தர வேண்டும் என்றும் கூறுகிறது. பணியாளர் வேலை செய்யும் இடத்தின் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே பின்பற்றப்படும்.

மதிப்பிடும் முறை

ஒவ்வொருவரையும் இருவர் தனித்தனியே, ஒருவர் தாளை மற்றவர் பாராமல் மதிப்பிடுவார்கள். மொத்தத்தில் 5 மதிப்பெண்களுக்கு மேல் வேறுபாடு வந்தால் கூடிப் பேசலாம். ஆனால் முதலில் இட்ட எண்கள், மாற்றிய எண், மாற்றத்தின் காரணம் மூன்றும் தாளில் நிலைக்க வேண்டும். மதிப்பீட்டாளர் மீது புகார் அளித்துள்ள பணியாளரை வேறொருவர் மதிப்பிடுவார். மதிப்பிடத் தொடங்கிய பின் அளவுகோலை மாற்ற நேர்ந்தால், காரணம் எழுதப்பட்டு, அந்தத் தொகுதி முழுவதும் மீண்டும் மதிப்பிடப்படும். இவை பற்றி அரட்டைச் செயலிகளில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே போடும் கேலிக்குறிப்பும் ஓர் ஆவணமே.

முடிவை அறிவிக்கும் முன், வயது, பாலினம், விடுப்பு நிலை ஆகிய பிரிவுகளில் நீடிப்போர் விகிதத்தைச் சட்ட ஆலோசகருடன் சேர்ந்து பார்ப்பேன். ஒரு பிரிவின் விகிதம் மற்றதன் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், எந்த அளவுகோல் அதற்குக் காரணம் என்றும், அந்த அளவுகோல் வேலைக்கு உண்மையிலேயே தேவையா என்றும் ஆராயப்படும். பயிற்றுநர் தொகுதி போன்ற சிறிய கூட்டத்தில் ஒரே ஒருவர் மாறினாலும் விகிதம் தலைகீழாகும் என்பதால், அங்கே எண்ணை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எண்ணைச் சரிக்கட்டுவதற்காக ஒருவரை எடுத்து இன்னொருவரை வைப்பது அனுமதிக்கப்படாது.

பணியாளர்களுக்கான உரிமைகள்

இந்த அளவுகோல்கள் மதிப்பீட்டுக்கு 14 நாட்கள் முன்னதாகப் பணியாளர் பிரதிநிதிகளுக்குத் தரப்படும். அவர்களது கருத்தும் நமது பதிலும் இத்துடன் இணைக்கப்படும். தாமாக விலக விரும்புவோரின் விண்ணப்பங்களும், கட்டணப் பிரிவில் உள்ள மூன்று காலியிடங்களுக்கான விருப்பங்களும் முதலில் பரிசீலிக்கப்படும். அவற்றால் குறையும் எண்ணிக்கை அளவுக்கு ஆட்குறைப்பும் குறையும். பாதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் தமது மதிப்பெண் தாளும் சான்றுகளின் பட்டியலும் வழங்கப்படும். மற்றவர்களின் தாள்கள் காட்டப்பட மாட்டா, ஆனால் தமது தொகுதியின் தேர்வெல்லை எது என்று சொல்லப்படும். ஏழு நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். அதை இத்துறையோடு தொடர்பற்ற நிதி இயக்குநர் விசாரித்து முடிவு சொல்வார். அதுவரை பணிநீக்கக் கடிதம் வழங்கப்படாது.