பத்தாம் வகுப்பு கணக்கு: அக்டோபர் 6 முதல் அரையாண்டு வரை பாடப் பங்கீடு

தலைமையாசிரியர் பார்வைக்கு,

காலாண்டு விடுமுறை முடிந்து 2025 அக்டோபர் 6 திங்களன்று பள்ளி திறக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாளான டிசம்பர் 9 வரை, சனி, ஞாயிறும் தீபாவளிக்கான அக்டோபர் 20, 21-உம் போக 45 வேலைநாள். இதில் இடைப்பருவத் தேர்வுக்கு 3, குழந்தைகள் தின விழாவுக்கு 1, எனக்கு வரும் பயிற்சிக்கு 1 போகும். நம் நாகை மாவட்டத்தில் நவம்பர் மழையைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போட முடியாது. அதற்கு 4 நாள். மீதி 36. கடைசி 4 நாளைத் திருப்புதலுக்கு ஒதுக்கினால், பாடம் நடத்தக் கையில் இருப்பது 32 நாள்தான். சனிக்கிழமை ஈடுசெய் வேலைநாள் வந்தால் வரட்டும், சுற்றறிக்கை வரும் வரை அதைச் சேர்க்கமாட்டேன்.

அக்டோபர் 6 முதல் 9 வரை: இயற்கணிதத்தில் விட்டுப்போன அணிகள்.
அக்டோபர் 10, 13, 14: தொடுகோடு வரைதல்.
அக்டோபர் 15 முதல் 27 வரை, 7 நாள்: ஆயத்தொலை வடிவியல்.
அக்டோபர் 28 முதல் நவம்பர் 5 வரை, 7 நாள்: முக்கோணவியல்.
நவம்பர் 6 முதல் 13 வரை, 6 நாள்: அளவியல்.
நவம்பர் 14 விழா. 17 முதல் 19 வரை இடைப்பருவத் தேர்வு.
நவம்பர் 20 முதல் 26 வரை, 5 நாள்: புள்ளியியலும் நிகழ்தகவும்.

நவம்பர் 27 முதல் டிசம்பர் 9 வரை 9 நாள் காலியாகத் தெரியும். அவை காலி இல்லை. மழைக்கு 4, பயிற்சிக்கு 1, திருப்புதலுக்கு 4 என அங்கே வைத்திருக்கிறேன். மழை எந்தத் தேதியில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் விடுமுறை விட்ட அன்று பாடத்தைத் துரத்தாமல், அட்டவணையை அப்படியே ஒரு நாள் பின்னுக்குத் தள்ளுவேன்.

நான்கு நாளுக்கு மேல் மழை எடுத்துக்கொண்டால் எதைக் குறைப்பது என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டேன். முக்கோணவியல் முற்றொருமைகளில் ஒரே மாதிரிக் கணக்குகளை வீட்டுக்குக் கொடுத்து 2 நாள் மிச்சம் பிடிப்பேன். ஏற்றக்கோணம், இறக்கக்கோணத்தில் கை வைக்கமாட்டேன். தொடுகோட்டுக்கான 3 நாளையும் தொடமாட்டேன். வடிவியல் வரைதலும் வரைபடமும் எட்டு எட்டு மதிப்பெண். வகுப்பில் 34 பேரில் பதினொரு பேர் காலாண்டில் முப்பத்தைந்தைத் தொடவில்லை. சூத்திரம் மறந்துபோகிற அந்தப் பிள்ளைகளுக்குக் கவராயமும் அளவுகோலும் பழகிவிட்டால் 16 மதிப்பெண் கைக்கு வரும். திருப்புதலின் 4 நாளில் 2 நாள் வரைதலும் வரைபடமும் மட்டுமே.

ஒரு வேண்டுகோள்: குழந்தைகள் தின ஒத்திகை நவம்பர் 10 முதல் 13 வரை நடந்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குப் பாடவேளை போக மற்ற நேரத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் கூம்பும் கோளமும் நடக்கும்.

கணக்கு ஆசிரியர், பத்தாம் வகுப்பு