தேக்கு இல்லை, ஆனால் மரம்தான்: புது மர பொம்மைகள் வந்திருக்கின்றன

படத்தில் இடமிருந்து வலமாக: கிலுகிலுப்பை, நடைவண்டி, சொப்புச் சாமான், பல்லாங்குழி, பம்பரம். யாருக்கு எது ஆகும், எதில் என்ன மரம், என்ன பூச்சு என்று கீழே எழுதியிருக்கிறோம். வாங்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கிலுகிலுப்பை (ரூ.180): 6 மாதத்திலிருந்து. வெட்பாலை மரம், கடைசலில் ஒரே கட்டையாகக் கடைந்தது. கழுத்தில் தளர்வாக ஓடும் மூன்று மர வளையங்கள்தான் சத்தம் போடுகின்றன. உள்ளே மணியோ விதையோ இல்லை, அதனால் உடைந்து கொட்ட எதுவும் இல்லை. வண்ணமும் இல்லை, தேங்காய் எண்ணெய் மட்டும் தடவியது. கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். காரணம் இருக்கிறது. கலர் கிலுகிலுப்பையும் கொண்டுவந்து காட்டினார்கள். சாயம் என்னவென்று கேட்டோம். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள், மற்றதெல்லாம் கடையில் வாங்கிய நிறப்பொடி என்றார் செய்தவர். உள்ளதைச் சொன்னாரே, அதுவே பெரிது. எதை எடுத்தாலும் வாய்க்குக் கொண்டுபோகிற வயதுக்கு அது வேண்டாம் என்று வெறும் மரத்தையே எடுத்துக்கொண்டோம்.

நடைவண்டி (ரூ.950): எதையாவது பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிள்ளைக்கு. ஏறக்குறைய 10 மாதத்திலிருந்து 2 வயது வரை. சட்டம் வேம்பு, மூன்று சக்கரமும் மாமரம், அச்சு இரும்புக் கம்பி, ஆறு திருகாணி. "தேக்கா?" என்று தினமும் நாலு பேர் கேட்கிறார்கள். இந்த விலைக்குத் தேக்கு யார் தருவார்கள்? வழவழப்பான டைல்ஸ் தரையில் வண்டி சறுக்கிக்கொண்டு முன்னே ஓடிவிடும், பிள்ளை தடுமாறி விழும். மண் தரை, சிமென்ட் தரை, பாய் விரித்த இடம் நல்லது. படிக்கட்டுப் பக்கம் கூடவே கூடாது. மாதம் ஒரு முறை திருகாணியை முடுக்கிவிடுங்கள்.

சொப்புச் சாமான், 12 உருப்படி (ரூ.650): 3 வயதுக்கு மேல். கறாராகத்தான் சொல்கிறோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறோம், வாய் அகலம் 31.7 மி.மீ. பொம்மைச் சோதனையில் பயன்படும் அளவு அது. அதற்குள் முழுசாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் 3 வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம். சொப்பில் ஆட்டுக்கல்லின் குழவியும் கரண்டியும் அதில் விழுந்துவிடுகின்றன. "ஒன்றரை வயசுதான், ஆனா நான் பக்கத்திலேயே இருப்பேன்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். மரம் வெட்பாலை, பூச்சு அரக்கு. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் படியும், அப்புறம் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சாயம் மேலே சொன்ன அதே நிறப்பொடிதான்.

பல்லாங்குழி (ரூ.1,100): 5 வயதுக்கு மேல். மடக்குப் பலகை மாமரம், கீல் பித்தளை. பிளைவுட் ஒட்டியது அல்ல. காய்க்குப் புளியங்கொட்டை தருகிறோம். பார்க்க அழகாக இருக்கும் என்று குன்றிமணி கேட்காதீர்கள், அது விஷம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் புளியங்கொட்டையையும் மூடி போட்ட டப்பாவில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பம்பரம், சாட்டையோடு (ரூ.60): 8 வயதுக்கு மேல். நுனியில் நிஜ இரும்பு ஆணி. கண், கால் கவனம்.

இனி சான்றிதழ் விஷயம். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு அதில் விலக்கு உண்டு. இவை அப்படிப்பட்டவர்கள் செய்தவை, அதனால் முத்திரை இருக்காது. விலக்கு என்றால் ஆய்வகத்தில் தேறியது என்று அர்த்தம் இல்லை. நாங்களும் சோதனைக்கு அனுப்பவில்லை. 'நூறு சதவீதம் இயற்கை', 'கெமிக்கல் இல்லாதது' என்று அட்டையில் நாங்கள் அச்சடிக்காததற்கு அதுதான் காரணம்.

ஊற வைத்துக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். சானிடைசர் போட்டுத் துடைத்தால் ஆல்கஹாலில் அரக்கு கரைந்து கையில் பிசுபிசுக்கும். சிராய் கிளம்பினாலோ விரிசல் விட்டாலோ பிள்ளை கையில் தராமல் கடைக்கு எடுத்து வாருங்கள். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, தேய்த்துத் தருவோம், முடியாவிட்டால் மாற்றித் தருவோம். செவ்வாய் விடுமுறை.